வயிற்றில் குடியேறிய கிருமி: எரிச்சலும் குமட்டலும் விரைவில் வயிறு நிறைவதும் ஏன்?

எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வருபவர்களுள் பலர் நாற்காலியில் அமர்ந்தவுடன் கூறும் முதல் சொல், "எனக்கு அல்சர் டாக்டர்" என்பதாகும். எரிச்சல் என்று சொல்வதில்லை, வலி என்றும் சொல்வதில்லை. நோயின் பெயரைத் தாமே முடிவு செய்துகொண்டு வருகின்றனர். மேல்வயிற்றில் எது நேர்ந்தாலும் அதற்கு அல்சர் அல்லது கேஸ் என்று பெயரிடுவது நம் ஊர் வழக்கம். காரணமும் ஆயத்தமாக இருக்கும்: நேரத்துக்குச் சாப்பிடவில்லை, காரம் அதிகம், கவலை அதிகம்.

சென்ற ஆண்டு எங்களிடம் வந்த ஒரு பெண்மணியும் இதையேதான் கூறினார். அவருக்கு வயது 41. தெருமுனையில் இட்லிக் கடை நடத்துபவர். (அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறோம்.) நான்கு ஆண்டுகளாகத் தொந்தரவு. இரவு இரண்டு மணியளவில் நெஞ்சுக் குழிக்குக் கீழே நெருப்பு வைத்தாற்போல் எரியும். எழுந்து இரண்டு பிஸ்கட்டும் சிறிது தண்ணீரும் எடுத்துக்கொண்டால் அரை மணி நேரத்தில் தணியும். காலையில் எழுந்தவுடன் குமட்டல். மூன்று இட்லி சாப்பிட்டு வந்தவர், ஒன்றரை இட்லியிலேயே வயிறு நிறைந்துவிட்டதாகத் தட்டைத் தள்ளிவிடுவார். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய அமிலக் குறைப்பு மாத்திரையை இரண்டு ஆண்டுகளாக நாள்தோறும் விழுங்கிவந்தார். எரிச்சல் பாதி குறைந்தது. வயிறு நிறைவதும் குமட்டலும் இம்மியும் குறையவில்லை.

அவர் எங்களிடம் கேட்ட கேள்வி மிகச் சரியான கேள்வி: "அமிலம்தான் காரணம் என்றால், அமிலத்துக்கு மாத்திரை போட்ட பிறகும் ஏன் சாப்பிட முடியவில்லை?" இக்கட்டுரை அந்தக் கேள்விக்கான விடையே.

அமிலத்தில் வாழும் கிருமி

அவருடைய இரைப்பையில் ஹெலிகோபேக்டர் பைலோரி என்னும் பாக்டீரியா குடியிருந்தது. சுருக்கமாக எச். பைலோரி என்கிறோம். உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேருடைய வயிற்றில் இது இருக்கிறது. நம் நாட்டில் அந்த விகிதம் இன்னும் அதிகம். பெரும்பாலும் சிறு வயதிலேயே, வீட்டுக்குள்ளேயே, வாய்வழியாகத் தொற்றுகிறது. ஒருமுறை குடியேறினால், சிகிச்சை செய்யாதவரை பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுதும் தங்கிவிடும்.

இரைப்பையின் அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்றே மருத்துவர்களும் நெடுங்காலம் நம்பிவந்தோம். ஆகவே புண்ணுக்குக் காரணம் மன அழுத்தமும் அமிலமும்தான் என்று பாடநூல்கள் கூறின. பாலும் அமில முறி மருந்துகளும் கொடுத்தோம். அவற்றுக்கும் அடங்காதபோது இரைப்பைக்குச் செல்லும் நரம்பை அறுவை சிகிச்சையால் துண்டித்தோம். 1979-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் என்ற நோயியல் மருத்துவர், அழற்சியுற்ற இரைப்பையின் திசுக்களில் சுருள் வடிவக் கிருமிகள் ஒட்டியிருப்பதைக் கண்டார். இளம் மருத்துவரான பேரி மார்ஷல் அவருடன் சேர்ந்தார். கிருமியை ஆய்வகத்தில் வளர்க்கச் செய்த முயற்சிகள் தொடர்ந்து தோற்றன. இரண்டு நாளில் எதுவும் முளைக்காத வளர்ப்புத் தட்டுகளை வழக்கப்படி எறிந்துவந்தார்கள். 1982-இல் ஈஸ்டர் விடுமுறை குறுக்கிட்டதால் ஒரு தொகுதித் தட்டுகள் எறியப்படாமல் கூடுதல் நாட்கள் கிடந்தன. அவற்றில்தான் கிருமி வளர்ந்திருந்தது. மெதுவாக வளரும் கிருமி என்பது அப்போதுதான் தெரிந்தது. இருவருக்கும் 2005-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இக்கிருமி அமிலத்தில் பிழைக்கும் வழி விந்தையானது. நம் உடலில் இயல்பாகவே இருக்கும் யூரியா என்ற பொருள் இரைப்பைக்குள்ளும் சிறிதளவு கசிகிறது. கிருமியிடம் யூரியேஸ் என்னும் நொதி மிகுதியாக உண்டு. அது யூரியாவை உடைத்து அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. அம்மோனியா காரத்தன்மை உடையது. ஆதலால் கிருமியைச் சுற்றி மட்டும் அமிலம் தணிந்து ஒரு சிறு பாதுகாப்பு வளையம் உருவாகிறது. நம் இரைப்பையின் உட்சுவர், அமிலம் தன்னையே அரித்துவிடாதபடி ஒரு கெட்டியான சளிப்படலத்தால் போர்த்தப்பட்டிருக்கிறது. அமிலம் தணிந்த இடத்தில் அந்தச் சளி இளகிவிடும். இளகிய சளிக்குள் கிருமி தன் வால் போன்ற இழைகளைச் சுழற்றி நீந்திச் சென்று, அமிலம் எட்டாத ஆழத்தில், சுவரின் உயிரணுக்களுக்கு அருகில் தங்கிவிடுகிறது.

யூரியேஸ் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கிருமியைக் கண்டுபிடிக்கும் பரிசோதனைகள் சிலவும், அந்தப் பெண்மணியின் பரிசோதனை ஏமாற்றிவிட்டதும் இந்த நொதியைச் சார்ந்தவையே.

எரிச்சல் எங்கிருந்து வருகிறது

எரிச்சலில் அமிலத்துக்குப் பங்கு உண்டு. ஆனால் அமிலம் தானாக மிகுந்துவிடவில்லை. அதைக் கட்டுப்படுத்தும் தடுப்பான் பழுதாகிவிட்டது.

இரைப்பையின் கீழ்ப்பகுதியில் இரண்டு வகை உயிரணுக்கள் உள்ளன. ஒரு வகை காஸ்ட்ரின் என்ற இயக்குநீரைச் சுரக்கிறது. அது "அமிலம் வேண்டும்" என்று இரைப்பையின் மேற்பகுதிக்குச் சொல்லியனுப்பும் செய்தி. மற்றொரு வகை சொமட்டோஸ்டாட்டின் என்ற இயக்குநீரைச் சுரக்கிறது. அது "போதும், நிறுத்து" என்னும் செய்தி. உணவு வந்தவுடன் முதலாவது ஓங்கும்; அமிலம் போதுமான அளவு சேர்ந்தவுடன் இரண்டாவது ஓங்கும். கிருமி பெரும்பாலும் தங்குவது இந்தக் கீழ்ப்பகுதியிலேதான். அங்கே அழற்சி ஏற்படும்போது நிறுத்தும் உயிரணுக்கள் நலிகின்றன. காஸ்ட்ரினுக்குத் தடை குறைகிறது. மேற்பகுதி நலமாக இருப்பதால், கேட்ட அளவுக்கெல்லாம் அமிலத்தைச் சுரந்து தருகிறது.

உணவு உள்ளே இருக்கும் வரை இந்த மிகை அமிலத்தின் ஒரு பகுதியை அது ஏற்றுக்கொள்கிறது. உணவு கீழே இறங்கிய பின்னர், அதாவது உண்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்தும் நள்ளிரவிலும், ஏற்றுக்கொள்ள எதுவுமில்லாத அமிலம் முன்சிறுகுடலுக்குள் இறங்குகிறது. அமிலத்தைத் தாங்கும் அளவுக்கு அதன் சுவருக்குப் பாதுகாப்பு இல்லை. அங்கேதான் புண் உண்டாகிறது. இட்லிக் கடைப் பெண்மணி இரவு இரண்டு மணிக்கு விழித்ததும், இரண்டு பிஸ்கட்டில் வலி தணிந்ததும் இதனால்தான். வெறும் வயிற்றில் எரிந்து, உண்டால் தணியும் வலியைக் கேட்டவுடன் எங்கள் எண்ணம் முன்சிறுகுடலை நோக்கிச் செல்லும். மாறாக, உண்ட சற்று நேரத்தில் வலி மிகுந்தால் இரைப்பையிலேயே புண் இருக்கலாம் என்று எண்ணுவோம். இது உறுதியான விதியன்று. புண்ணே இல்லாதவர்களும் இவ்விரண்டையும் கூறக் கேட்டிருக்கிறோம்.

எரிச்சல் வரும்போது ஒரு டம்ளர் பால் குடிப்பது நம் வீடுகளில் பழக்கம். குடித்தவுடன் இதமாக இருக்கும். ஆயினும் பாலில் உள்ள புரதமும் சுண்ணாம்புச் சத்தும் சிறிது நேரத்தில் அமிலச் சுரப்பை மீண்டும் தூண்டிவிடும். காரத்தைப் பற்றியும் ஒரு சொல்: மிளகாய் புண்ணை உண்டாக்குவதில்லை. முன்பே அழற்சியுற்ற இடத்தில் அது பட்டால் எரியும், அவ்வளவே. நான்கு ஆண்டுகள் உப்பில்லா மோர்ச்சோறு உண்டுவந்தாலும் கிருமி இருந்த இடத்திலேயே இருக்கும்.

சிலருக்குக் கிருமி இரைப்பை முழுவதும் பரவி, அமிலம் சுரக்கும் மேற்பகுதியையே மெல்ல மெல்லத் தேய்த்துவிடுகிறது. அவர்களுக்கு அமிலம் மிகுவதில்லை, குறைகிறது. எரிச்சலும் குறைவாக இருக்கக்கூடும். இரைப்பைப் புற்றுநோய்க்கான வாய்ப்பு கூடுவது இப்படிப்பட்டவர்களுக்கே. தொற்று உள்ளவர்களில் மிகச் சிலருக்கே அது நேர்கிறது என்றாலும், எரிச்சலின் அளவை வைத்து நோயின் கடுமையை அளக்கக்கூடாது என்று நாங்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஒன்றரை இட்லியில் வயிறு நிறைவது

வெறும் இரைப்பை ஒரு சிறு டம்ளர் அளவுகூடக் கொள்ளாத சுருங்கிய பை. முதல் கவளம் தொண்டையில் இறங்கும்போதே மூளையிலிருந்து நரம்பு வழியே ஆணை வந்து, இரைப்பையின் மேற்பகுதி தளர்ந்து விரிகிறது. இப்படி விரிவதால் ஒரு லிட்டருக்கும் மேற்பட்ட உணவையும் நீரையும் உள்ளே அழுத்தம் அதிகம் ஏறாமலேயே ஏற்றுக்கொள்கிறது. கீழ்ப்பகுதி நிமிடத்துக்கு மூன்று முறை என்ற சீரான தாளத்தில் சுருங்கி, உணவை மாவாக அரைத்து, சிறிது சிறிதாகக் குடலுக்குள் அனுப்புகிறது. மேற்பகுதி உணவைத் தாங்கும் பாத்திரம். கீழ்ப்பகுதி அதை அரைக்கும் ஆட்டுக்கல்.

சுவரில் நாட்பட்ட அழற்சி இருக்கும்போது இந்த ஒழுங்கு சிலருக்குக் குலைகிறது. மேற்பகுதி தளர வேண்டிய அளவுக்குத் தளராமல் விறைப்பாக இருக்கும். பை விரியாததால் ஒன்றரை இட்லிக்கே உள்ளழுத்தம் ஏறிவிடும். அத்துடன், அழற்சியுற்ற இடத்தில் திரளும் பாதுகாப்பு அணுக்கள் வெளியிடும் இரசாயனங்கள் சுவரிலுள்ள நரம்பு முனைகளைக் கூருணர்வு உடையனவாக்கிவிடுகின்றன. பிறர் உணராத சிறு விரிவையும் இவர் "நிறைந்துவிட்டது" என்று உணர்கிறார். அடிபட்டு வீங்கிய விரலில் சட்டைத் துணி பட்டாலே வலிப்பதைப் போன்றது இது. பசியைத் தூண்டும் க்ரெலின் என்ற இயக்குநீர் இரைப்பைச் சுவரிலேதான் பெரும்பகுதி உற்பத்தியாகிறது. தொற்றுள்ள பலருக்கு அதன் அளவும் குறைந்திருக்கிறது.

இவற்றுள் எதுவுமே அமிலத்தால் நிகழ்வதன்று. அமிலக் குறைப்பு மாத்திரை அவருடைய எரிச்சலைத் தணித்துவிட்டு, பசியை மீட்டுத் தராததற்கு விடை இதுவே. "இது மனப் பிரமை, ஒழுங்காகச் சாப்பிடு" என்று வீட்டார் அவரைக் கடிந்துகொண்டதாகச் சொன்னார். பிரமையன்று. விரியாத பைக்குள் உணவைத் திணிக்கச் சொல்வதால் பயனில்லை. சிறு அளவாக, அடிக்கடி, எண்ணெய் குறைத்து உண்பதே அப்போதைக்கு உதவும். கொழுப்பு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும்.

குமட்டலுக்குச் சான்று ஒரு மருத்துவரின் வயிறு

குமட்டல் மூளையில் எழும் உணர்வு. இரைப்பையிலிருந்து புறப்படும் நீண்ட நரம்பு ஒன்று, அழற்சியின் செய்தியையும் விரிவின் செய்தியையும் மூளைத் தண்டுக்கு எடுத்துச் செல்கிறது. உள்ளே ஏற்கத்தகாத ஏதோ இருக்கிறது என்று அங்கே பொருள்கொள்ளப்படுகிறது. உடல் தன் தற்காப்புக்காகக் கடைப்பிடிக்கும் பழைய வழி அது.

இதற்கும் அமிலத்துக்கும் தொடர்பில்லை என்பதை மேலே சொன்ன பேரி மார்ஷலே, தாம் அறியாமலேயே, தம் உடலில் காட்டிவிட்டார். புண்ணுக்குக் காரணம் கிருமி என்று அவர் சொன்னதைப் பலர் ஏற்கவில்லை. விலங்குகளில் செய்த சோதனைகளும் வெற்றி பெறவில்லை. 1984-இல், முதலில் தம் இரைப்பையை எண்டோஸ்கோப்பி செய்து அது நலமாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, ஒரு நோயாளியிடமிருந்து எடுத்து வளர்த்த கிருமிகள் கலந்த கலங்கல் நீரை அவரே குடித்தார். சில நாட்கள் எதுவும் இல்லை. பிறகு இரவு உணவுக்குப் பின் வயிறு அளவுக்கு மீறி நிறைந்தாற்போல் இருந்தது. அடுத்து அதிகாலையில் எழுந்து வாந்தி எடுக்கத் தொடங்கினார். வாயில் துர்நாற்றம் வீசுவதாக வீட்டார் கூறினர். கவனித்துப் பாருங்கள்: அந்த வாந்தி தெளிந்த நீராக, அமிலமே இல்லாமல் இருந்தது. புதிதாகத் தொற்றும்போது எழும் கடும் அழற்சி, அமிலச் சுரப்பைச் சில காலம் முடக்கிவிடுவதுண்டு. அமிலமின்றியே நிறைவும் குமட்டலும் வந்தன. பத்தாம் நாள் மீண்டும் எண்டோஸ்கோப்பி செய்தபோது அழற்சியும் கிருமியும் காணப்பட்டன. பின்னர் மருந்து உட்கொண்டார்.

அவருடைய துணிவை நாங்கள் வியக்கிறோம். ஆனால் அவர் நிறுவியது அழற்சியை, புண்ணை அன்று. அவருக்குப் புண் வரவில்லை. புண் வருவதற்குப் பல ஆண்டுகளும், கிருமியின் வகையும், புகைப்பழக்கம், வலி மாத்திரைகள் போன்ற துணைக் காரணங்களும் தேவைப்படுகின்றன. கிருமி உள்ளவர்களில் பெரும்பாலோர் எந்தத் தொந்தரவுமின்றி வாழ்ந்துவிடுவதும் அதனால்தான். மூட்டு வலிக்காகக் கடையில் வாங்கி விழுங்கும் மாத்திரைகள் கிருமியின் துணையின்றியே புண்ணை உண்டாக்க வல்லவை. இரண்டும் சேர்ந்தால் ஆபத்து பன்மடங்காகும். எனவே வயிற்றைப் பற்றிக் கேட்கும்போது முழங்காலைப் பற்றியும் கேட்கிறோம், வியப்படைய வேண்டாம்.

பரிசோதனை ஏமாற்றும் விதம்

எங்களிடம் வருவதற்கு முன்பே அந்தப் பெண்மணி வேறோரிடத்தில் மூச்சுப் பரிசோதனை செய்திருந்தார். கிருமி இல்லை என்று முடிவு வந்திருந்தது. அதனால்தான் மேலும் ஓராண்டு அமில மாத்திரையிலேயே கழிந்தது.

மூச்சுப் பரிசோதனையில், அடையாளமிட்ட கரிம அணு கொண்ட யூரியாவை நீரில் கலந்து குடிக்கத் தருவர். கிருமி இருந்தால் அதன் யூரியேஸ் அந்த யூரியாவை உடைக்கும்; வெளிப்படும் கரியமில வாயு இரத்தத்தில் கலந்து மூச்சில் வரும்; அதை அளப்பார்கள். நம்பத்தக்க பரிசோதனை. ஆனால் அமிலக் குறைப்பு மாத்திரை உண்டுவரும்போது கிருமிகளின் எண்ணிக்கை குறைந்து, அவற்றின் நொதிச் செயலும் மந்தமாகிவிடுகிறது. கிருமி சாகவில்லை; ஒடுங்கியிருக்கிறது. அந்நிலையில் செய்தால் "இல்லை" என்று பொய்யாகக் காட்டும். பான்டோபிரசோல், ஒமிபிரசோல், ரபிபிரசோல் போன்ற மாத்திரைகளைப் பரிசோதனைக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பும், நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளையும் பிஸ்மத்தையும் நான்கு வாரங்களுக்கு முன்பும் நிறுத்தியிருக்க வேண்டும். மலப் பரிசோதனைக்கும் இதே விதி. அவரிடம் எவரும் மாத்திரையைப் பற்றிக் கேட்கவில்லை. அதுவும் ஒரு மருந்து என்று அவருக்கும் தோன்றவில்லை. "அது கேஸ் மாத்திரைதானே" என்றார். தயவுசெய்து, "இல்லை" என்று வந்த பழைய அறிக்கையை எங்களிடம் காட்டும்போது, அந்நாளில் என்ன மாத்திரை உண்டுகொண்டிருந்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாகவே நிறுத்தவும் வேண்டாம். புண் இருப்பவருக்கு அது தீங்காகலாம்.

அவருடைய எடை நான்கு கிலோ குறைந்திருந்தது. இரத்தச் சோகையும் இருந்தது. இத்தகைய அறிகுறிகள் இருந்தால் மூச்சுப் பரிசோதனையோடு நிற்க மாட்டோம், எண்டோஸ்கோப்பி தேவை. விழுங்குவதில் சிரமம், ஓயாத வாந்தி, இரத்த வாந்தி, தார் போன்று கறுத்து ஒட்டும் மலம், நடு வயதைக் கடந்தபின் முதன்முறையாகத் தோன்றும் தொந்தரவு ஆகியவற்றுக்கும் அப்படியே. (வேகமாக நடக்கும்போது வந்து, நின்றால் விடும் "நெஞ்செரிச்சல்" இதயத்தினுடையதாக இருக்கலாம். வியர்வையுடனோ மூச்சுத் திணறலுடனோ வந்தால் மாத்திரை தேடாமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்துவிடுங்கள்.)

எண்டோஸ்கோப்பியில் முன்சிறுகுடலில் ஒரு புண் தெரிந்தது. இரைப்பையின் கீழ்ப்பகுதி சிவந்திருந்தது. அங்கிருந்து எடுத்த துணுக்கை யூரியா கலந்த கூழ்மத்தில் இட்டோம். கிருமி இருந்தால் மஞ்சள் நிறம் சிவப்பாக மாற வேண்டும். மாறவில்லை. மாத்திரை இங்கும் மறைத்துவிட்டது. ஆனால் மாத்திரை உண்பவர்களுக்குக் கிருமி கீழ்ப்பகுதியை விட்டு மேற்பகுதிக்கு இடம் பெயர்வதுண்டு என்பதால், மேற்பகுதியிலிருந்தும் துணுக்குகள் எடுத்து நோயியல் பிரிவுக்கு அனுப்பியிருந்தோம். நான்காம் நாள் அறிக்கை வந்தது. மேற்பகுதித் துணுக்கில் சுருள் கிருமிகள் இருந்தன.

பதினான்கு நாட்கள்

சிகிச்சை 14 நாட்கள். அமிலக் குறைப்பு மாத்திரை காலையும் இரவும் உணவுக்கு அரை மணி நேரம் முன்பு. அத்துடன் பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல். நாள் ஒன்றுக்குப் பத்துக்கு மேற்பட்ட மாத்திரைகள் ஆகிவிடும். ஒரே மருந்தால் முடியாதா என்று கேட்கிறார்கள். சளிக்குள் பதுங்கியிருக்கும் கிருமியை மருந்து எட்டுவதே கடினம். தவிரவும் நம் நாட்டில், வேறு நோய்களுக்காகக் கண்டபடி உண்டதன் விளைவாக, கிளாரித்ரோமைசின், மெட்ரோனிடசோல் ஆகிய மருந்துகளை எதிர்க்கும் கிருமிகள் பெருகிவிட்டன. ஆகவே பல முனைகளிலிருந்தும் தாக்க வேண்டியிருக்கிறது. அமிலம் குறைந்த சூழலில்தான் சில நுண்ணுயிர்க்கொல்லிகள் நன்கு வேலை செய்கின்றன என்பதால், கிருமியைக் கண்டுபிடிக்கத் தடையாக இருந்த அதே மாத்திரை, கொல்லும்போது துணையாகிறது.

அவருக்கு மூன்றாம் நாள் முதல் வாயில் உலோகச் சுவை. நாக்கும் மலமும் கறுத்தன. அது பிஸ்மத்தின் நிறம்; முன்பே எச்சரித்திருந்ததால் அஞ்சவில்லை. டெட்ராசைக்ளினைப் பாலுடனோ இரும்புச் சத்து மாத்திரையுடனோ உண்ணக்கூடாது. உண்டால் மருந்து உடலில் சேராது. மெட்ரோனிடசோல் உண்ணும் நாட்களில் மது அறவே கூடாது. ஆறாம் நாள் தொலைபேசியில் அழைத்தார். இரவு எரிச்சல் முற்றிலும் நின்றுவிட்டது, குமட்டல் மட்டும் கூடியிருக்கிறது, நிறுத்திவிடலாமா என்றார். சிகிச்சை தோற்பது பெரும்பாலும் இந்த ஆறாம் நாளில்தான். எரிச்சல் நின்றது அமிலம் குறைந்ததால். கிருமி செத்துவிட்டதால் அன்று. அரைகுறையாகத் தாக்குண்டு பிழைத்த கிருமி அந்த மருந்துகளுக்கு அடங்காததாகிவிடும். அடுத்த முறை வேறு மருந்து தேட வேண்டும். கூடிய குமட்டல் மருந்தினுடையது. உணவோடு சேர்த்து உண்ணச் சொன்னோம். குமட்டலுக்குத் தனியாக ஒரு மாத்திரை சேர்த்தோம். பதினான்கு நாட்களையும் முடித்தார்.

முடித்துவிட்டால் கிருமி போய்விட்டது என்று பொருளன்று. நுண்ணுயிர்க்கொல்லிகள் முடிந்து குறைந்தது நான்கு வாரங்கள் கழித்து, அமில மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்தி, மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்துதான் அறிய முடியும். இரத்தப் பரிசோதனை இதற்கு உதவாது. கிருமி போன பின்னும் அதன் எதிரணுக்கள் இரத்தத்தில் நெடுநாள் இருக்கும். அவருக்கு எட்டாம் வாரம் மூச்சுப் பரிசோதனை செய்தோம். இம்முறை வந்த "இல்லை" உண்மையான இல்லை.

ஆனால் அன்றும் அவர் இரண்டு இட்லிக்கு மேல் உண்ணவில்லை. கிருமி போன பின்னும் அழற்சி அடங்கவும், சுவரின் நரம்புகள் இயல்புக்குத் திரும்பவும் பல மாதங்கள் ஆகும். புண்ணின் எரிச்சல் விரைவில் நீங்கும். நிறைவும் குமட்டலும் தாமதமாகவே நீங்கும். ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை பொறுத்துப் பார்க்கிறோம். அதற்குப் பின்னும் நீங்காதவர்கள் உண்டு. புண் இல்லாமல் வெறும் அஜீரணத் தொந்தரவுடன் வருபவர்களில், கிருமியை அகற்றுவதால் முற்றிலும் நலம் பெறுவோர் சிறு பகுதியினரே. மற்றவர்களுக்குக் கிருமி அங்கே இருந்தது, ஆனால் தொந்தரவுக்கு அது காரணமன்று என்றே கொள்ள வேண்டும். அவர்களுக்கு வேறு மருத்துவம் உண்டு. இதை முன்னதாகவே சொல்லிவிடுவது எங்கள் வழக்கம். இல்லையேல், பரிசோதனை சரியாக வந்தும் வயிறு சரியாகவில்லையே என்று ஊர் ஊராக எண்டோஸ்கோப்பி செய்துகொண்டு அலைவார்கள்.

ஐந்தாம் மாதம் வந்தபோது அவருடைய எடை மூன்று கிலோ கூடியிருந்தது. உடன் வந்த கணவர், தமக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் இப்பரிசோதனை தேவையா என்று கேட்டார். ஒரே வீட்டில் உள்ள பெரியவர்களுக்குக் கிருமி இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் அவருக்குச் செய்து பார்க்கலாம் என்றோம். அவருடைய தந்தை இரைப்பைப் புற்றுநோயால் இறந்தவர் என்று அப்போதுதான் சொன்னார், ஆகவே செய்தே ஆக வேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம். தொந்தரவு எதுவுமில்லாத பிள்ளைகளுக்கு இப்போது வேண்டாம் என்றோம். கணவர் அசிடிட்டிக்காகத் தாமும் அதே மாத்திரையைத் தினமும் உண்டுவருவதாகச் சொன்னதால், அவருடைய பரிசோதனை நாளை இரண்டு வாரங்கள் தள்ளிக் குறித்தோம்.